வங்கி வரவும் வாடகைக் கணக்கும்

வாடகை வருமானம் உள்ள ஒருவரின் வங்கிக் கணக்கில் ஓராண்டில் வாடகைதாரர்கள் செலுத்திய பணத்தைக் கூட்டினால் ஒரு தொகை வரும். அதே ஆண்டுக்கு அவர் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வாடகை பெரும்பாலும் வேறொரு தொகையாக இருக்கும். இந்த வித்தியாசம் இருப்பதே தவறு ஆகாது. எந்தெந்தக் காரணத்தால் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல முடியாமல் போவதுதான் சிக்கல். வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், வருமான வரிக் கணக்கு ஆகிய நான்கையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கும் வேலை இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதற்காகவே செய்யப்படுகிறது.

வித்தியாசத்துக்கு அடிப்படைக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, வந்த வாடகையோடு வரவேண்டிய வாடகையையும் சேர்த்தே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மார்ச் மாதம் ஒருவர் வீட்டில் குடியிருந்தால், அந்த வாடகை ஏப்ரல் 5-ஆம் தேதி கைக்கு வந்தாலும் மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் வருமானமே. வங்கிக்கு இந்த விவரம் தெரியாது. பணம் விழுந்த தேதியை மட்டுமே அது பதிவு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு வரவையும் பார்த்து, இது எந்த போர்ஷனுக்கு, எந்த மாதத்துக்கு, எதற்காக வந்தது என்று மூன்று விவரங்களை அதன் எதிரே எழுதிக்கொண்ட பிறகுதான் கூட்டல் கழித்தலுக்கே போக முடியும்.

இந்த விவரங்களைத் தருவதில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி வேலை உண்டு. ஒப்பந்தம் என்ன வரவேண்டும் என்பதைச் சொல்லும்: மாத வாடகை, எந்தத் தேதிக்குள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீத உயர்வு, அட்வான்ஸ் எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் தனியா சேர்த்தா. வங்கி அறிக்கை, வங்கி வழியாக என்ன வந்தது என்பதை மட்டும் சொல்லும். ரசீது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, வந்த பணம் எந்த மாதத்துக்கானது என்பதைச் சொல்லும். ரொக்கமாக வந்ததற்கு அதுவே ஒரே சாட்சி. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். அப்படிப் பதிவான ஒப்பந்தத்தில் உள்ள வாடகை அரசிடம் இருக்கும் ஒரு தொகை. வரிக் கணக்கில் அதைவிடக் குறைவாகக் காட்டுபவர் அதற்கு விளக்கம் வைத்திருக்க வேண்டும்.

சென்னைப் புறநகரில் இரண்டு தளம் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் வேலை எப்படி நடக்கிறது என்பது புரியும். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு நிகழ்வும் வாடகை வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். கீழ்த்தளத்தில் ஒரு நிறுவனத்தின் அலுவலகம், மாத வாடகை ₹40,000, அந்தந்த மாதமே செலுத்தப்படுகிறது. மேல்தளத்தில் ஒரு குடும்பம், வாடகை ₹18,000, பராமரிப்புக்குத் தனியாக ₹1,500. ஒவ்வொரு மாத வாடகையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் வரும். நிதியாண்டு 2024-25. ஆகஸ்ட் இறுதியில் அந்தக் குடும்பம் காலி செய்தது. செப்டம்பர் முழுதும் மேல்தளம் பூட்டிக் கிடந்தது. அக்டோபர் 1 முதல் வேறொரு குடும்பம் ₹20,000 வாடகைக்கும் ₹1,500 பராமரிப்புக்கும் குடிவந்தது. செப்டம்பர் 28-ஆம் தேதி மூன்று மாத வாடகையான ₹60,000 அட்வான்ஸாகக் கணக்கில் விழுந்தது.

மேல்தளத்தின் வரவுகளை முதலில் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 5-ஆம் தேதி ₹19,500 வந்திருக்கிறது. அது மார்ச் மாதத்துக்கானது. முந்தைய ஆண்டின் வருமானம். மே முதல் ஆகஸ்ட் வரை வந்த நான்கு ₹19,500-களும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்களுக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் வரவேண்டிய ஆகஸ்ட் வாடகை அறிக்கையில் எங்கும் இல்லை. காலி செய்யும்போது அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, ₹54,000-க்குப் பதிலாக ₹34,500 திருப்பித் தரப்பட்டிருக்கிறது. இது பற்றுப் பக்கத்தில் இருக்கும். வரவுகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவர் கண்ணில் படாது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பது பரவலான வழக்கம். அதனால் ஓராண்டில் யாராவது காலி செய்திருந்தால், அவருக்குத் திருப்பித் தந்த தொகையை ஒப்பந்தத்தில் உள்ள அட்வான்ஸோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். கழிக்கப்பட்ட வாடகை, பணமாக வராவிட்டாலும், பெற்ற வாடகைதான்.

புதிய குடும்பத்தின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகைகள் மூன்று ₹21,500-களாக வந்திருக்கின்றன. ஜனவரி வாடகை வங்கியில் இல்லை. ரொக்கமாகத் தரப்பட்டு, ரசீதில் மட்டும் இருக்கிறது. பிப்ரவரி வாடகை மார்ச் மாதம் யுபிஐ வழியாக ₹15,000, ₹6,500 என இரண்டு துண்டாக வந்தது. இரண்டாவது துண்டை அனுப்பியவர் வாடகைதாரரின் மனைவி. பெயரை வைத்துத் தேடினால் அந்த ₹6,500 நழுவிவிடும். மார்ச் வாடகை 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி வந்தது. அது இந்த ஆண்டின் அறிக்கையிலேயே இருக்காது. அதனால்தான் சரிபார்ப்புக்கு எடுக்கும் அறிக்கை மார்ச் 31-ஆம் தேதியோடு நிற்கக் கூடாது. அடுத்த ஏப்ரல், மே மாதங்களையும் சேர்த்து இறக்கிக்கொள்வது நல்லது.

கீழ்த்தளத்தில் மாதம் ₹36,000 வீதம் பன்னிரண்டு வரவுகள். ஒப்பந்தம் ₹40,000 என்கிறது. குறைந்த ₹4,000, நிறுவனம் 194-ஐ பிரிவின்படி 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிய டிடிஎஸ்.

ஆண்டு முழுவதும் இரண்டு தளங்களிலிருந்தும் வங்கியில் விழுந்த மொத்தத் தொகை ₹6,75,500. இனி அது வரிக்கான வாடகையாக மாறும் வழி. முந்தைய ஆண்டுக்கான ₹19,500-ஐயும், திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் ₹60,000-ஐயும் கழித்தால் ₹5,96,000. இந்த ஆண்டு வரவுகளுக்குள் அடங்கியிருக்கும் எட்டு மாதப் பராமரிப்புக் கட்டணம் ₹12,000-ஐக் கழித்தால் ₹5,84,000. அட்வான்ஸில் கழித்த ஆகஸ்ட் வாடகை ₹18,000, ரொக்கமாக வந்த ஜனவரி வாடகை ₹20,000, ஏப்ரலில் வந்த மார்ச் வாடகை ₹20,000 ஆகிய மூன்றையும் சேர்த்தால் ₹6,42,000. பிடிக்கப்பட்ட டிடிஎஸ் ₹48,000-ஐச் சேர்த்தால் ₹6,90,000.

இந்தத் தொகையை ஒப்பந்தத்தின் பக்கமிருந்து சரிபார்க்கலாம். மேல்தளத்தில் ஐந்து மாதம் ₹18,000 வீதம் ₹90,000. ஆறு மாதம் ₹20,000 வீதம் ₹1,20,000. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மாதம் ₹4,80,000. கூட்டினால் அதே ₹6,90,000. இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒரே தொகையில் வந்து நின்றால் வேலை முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வங்கி மொத்தத்துக்கும் சரியான வாடகைக்கும் உள்ள வித்தியாசம் ₹14,500 மட்டுமே. இரண்டு மொத்தங்களை மட்டும் ஒப்பிடுபவர், ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார். அந்தச் சிறிய தொகைக்கு அடியில் ஏழு தனித்தனி வித்தியாசங்கள், சில கூட்டியும் சில குறைத்தும், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. அட்வான்ஸ் ₹60,000 வராத ஓர் ஆண்டில் இதே வங்கி மொத்தம் உண்மையான வாடகையைவிட ₹74,500 குறைவாக இருக்கும். மொத்தம் பொருந்துவது சரிபார்ப்பு ஆகாது. மாதவாரியாகப் பொருந்த வேண்டும்.

வாடகை கணக்கிடுவதில் அதிகம் நடக்கும் பிழை டிடிஎஸ் விஷயத்தில்தான். கைக்கு வந்த ₹4,32,000-ஐயே வாடகை என்று காட்டிவிடுகிறார்கள். நிறுவனம் வரித்துறைக்குத் தாக்கல் செய்த விவரத்தில் ₹4,80,000 செலுத்தியதாக இருக்கும். அது உரிமையாளரின் படிவம் 26ஏஎஸ்-இலும், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இலும் அப்படியே தெரியும். வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு ₹48,000 டிடிஎஸ்ஸை முழுதாகத் தனக்கு வரவு கேட்டால், பொருந்தாமை கணினிச் சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும். வேறு வகைப் பொருந்தாமையும் உண்டு: நிறுவனம் மாதந்தோறும் ₹4,000 பிடித்திருக்கும், ஆனால் 26ஏஎஸ்-இல் ஒன்பது மாதத்துக்குத்தான் பதிவு இருக்கும். இதற்கு உரிமையாளர் தன் வருமானத்தைக் குறைக்கக் கூடாது. நிறுவனத்திடம் படிவம் 16ஏ கேட்டு, விடுபட்ட பதிவைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

தனிநபர் வாடகைதாரர் விஷயத்தில் டிடிஎஸ் வேறு மாதிரி வரும். கணக்குத் தணிக்கைக்கு உட்படாத தனிநபர் மாதம் ₹50,000-க்கு மேல் வாடகை தந்தால், 194-ஐபி பிரிவின்படி ஆண்டின் கடைசி மாதத்தில், அல்லது காலி செய்யும் மாதத்தில், ஒரே தடவையாகப் பிடிப்பார். 2024 அக்டோபர் முதல் இந்த வீதம் 2 சதவீதம். மாதம் ₹60,000 வாடகை தருபவர் ஆண்டு முழுதும் அதே தொகையை அனுப்பிவிட்டு மார்ச்சில் மட்டும் ₹45,600 அனுப்பினால், ₹14,400 பாக்கி வைத்துவிட்டார் என்று உரிமையாளர் நினைக்கக்கூடும். அவரிடம் படிவம் 16சி கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

பராமரிப்புக் கட்டணம் ஆடிட்டர்களிடம் அதிகம் விவாதத்துக்கு வருவது. மேலே உள்ள கணக்கில் அதை வாடகையில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், ஒப்பந்தம் அதைத் தனித் தொகையாக, தண்ணீர், பொது விளக்கு, மோட்டார் மின்சாரம் ஆகியவற்றின் செலவுக்கென்று பிரித்துச் சொல்கிறது என்பதும், உரிமையாளர் அதை அந்தச் செலவுகளுக்கே கொடுத்திருக்கிறார் என்பதும். ஒப்பந்தத்தில் ‘மாதம் ₹19,500 வாடகை’ என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால் முழுத் தொகையும் வாடகையே. செலவு எவ்வளவு ஆனாலும் அதைத் தனியாகக் கழிக்க வழி இல்லை. வீட்டுச் சொத்து வருமானத்தில் பழுது, வசூல், காவல் போன்ற எல்லாச் செலவுக்கும் ஈடாக 30 சதவீதக் கழிவு முன்பே தரப்படுகிறது. தனியாக வசூலித்த பராமரிப்புப் பணத்தில் செலவு போக மிச்சம் இருந்தால், அது உரிமையாளரின் பிற வருமானம்.

ரசீது எழுதுவதில் செய்யும் சிறு அலட்சியம் இந்தப் பிரிவினையைக் குலைத்துவிடும். மேல்தளத்துக் குடும்பத் தலைவர் மாதச் சம்பளக்காரர். வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகை கேட்கிறார். ஆண்டு வாடகை ₹1,00,000-ஐத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை அவர் தன் நிறுவனத்திடம் தர வேண்டும். நிறுவனம் அதைச் சம்பள டிடிஎஸ் விவரமான படிவம் 24க்யூ-வில் வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. உரிமையாளர் ‘₹21,500 பெற்றேன்’ என்று மட்டும் ரசீது கொடுத்திருந்தால், வாடகைதாரர் ஆறு மாதத்துக்கு ₹1,29,000 வாடகை கொடுத்ததாகச் சொல்லியிருப்பார். உரிமையாளரோ அதே ஆறு மாதத்துக்கு ₹1,20,000 காட்டியிருப்பார். ‘ஜனவரி 2025 வாடகை ₹20,000, பராமரிப்பு ₹1,500, ரொக்கம்’ என்று எழுதிய ரசீதில் இந்தப் பிரச்சினை எழாது. ரொக்கமாக ₹5,000-க்கு மேல் பெற்றதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ரசீதின் அடிக்கட்டையை, அல்லது அதன் நகலை, உரிமையாளர் வைத்திருப்பதும் அவசியம். வங்கியில் போடாத ஜனவரி வாடகைக்கு அவரிடம் இருக்கும் ஒரே நினைவூட்டல் அதுதான். அதன் மறுபாதி வாடகைதாரரின் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

ஒப்பந்தத்துக்கும் வரவுக்கும் முரண்பாடு வந்தால் எதை ஏற்பது என்ற கேள்வி அடுத்து வரும். ஒப்பந்தத்தில் ₹12,000 என்றும் வங்கியில் மாதாமாதம் ₹20,000 என்றும் இருந்தால், வரிக்குரியது ₹20,000. குறைத்து எழுதிய ஒப்பந்தம் உரிமையாளரைக் காப்பாற்றாது. பின்னாளில் வாடகைதாரரோடு வழக்கு வந்தால், அதே பத்திரம் அவருக்கு எதிராகவே காட்டப்படும். மாறாக, ஒப்பந்தத்தில் ஐந்து சதவீத உயர்வு என்று இருந்தும் பழைய வாடகையே வந்துகொண்டிருந்தால், உயர்வை உரிமையாளர் விட்டுக்கொடுத்தாரா, பாக்கியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுக்கொடுத்திருந்தால் இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். பாக்கியாக நின்றால் அது வரவேண்டிய வாடகை. காலியாக இருந்த செப்டம்பர் மாதத்துக்குப் பிரச்சினை இல்லை: அந்தக் காலியிடத்தால் குறைந்த வாடகையைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பழைய ஒப்பந்தம் முடிந்த தேதியும் புதியது தொடங்கிய தேதியும், அந்த மாதத்து மின்கட்டணக் குறைவும் அதற்குச் சாட்சி.

குடியிருந்துகொண்டே வாடகை தராதவர் கதை வேறு. பணம் வரவில்லை என்பதற்காக மட்டும் அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. வருமான வரி விதிகளின் 4-ஆம் விதி சில நிபந்தனைகள் வைக்கிறது. குடிவாடகை உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். அதே உரிமையாளரின் வேறு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கச் சட்ட நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அதனால் பயனில்லை என்று அதிகாரி ஏற்கும்படி காட்ட வேண்டும். இவை நிறைவேறினால்தான் வசூலாகாத வாடகையைக் கழிக்கலாம். பல ஆண்டு கழித்து அந்தப் பாக்கி வசூலானால், 25ஏ பிரிவின்படி வந்த ஆண்டில் வரிக்கு உட்படும். அதற்கும் 30 சதவீதக் கழிவு உண்டு. வங்கி அறிக்கையில் வழக்கமான வாடகையோடு பொருந்தாத பெரிய வரவு ஒன்று பழைய வாடகைதாரரிடமிருந்து வந்திருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது வரியைத் தீர்மானிப்பதில்லை. வீடு மனைவி பெயரிலும் வாடகை கணவர் கணக்கிலும் இருந்தால், வருமானம் வீட்டின் சொந்தக்காரருடையது. வீட்டை வாங்கிக் கொடுத்தவர் கணவர் என்றால் மட்டும் 27-ஆம் பிரிவு அவரையே உரிமையாளராகக் கருதும். அண்ணன் தம்பி இருவருக்கும் உறுதியான பங்கு இருந்து, வாடகை முழுதும் அண்ணன் கணக்கில் விழுந்தாலும், அவரவர் பங்கை அவரவர் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிக்கு அனுப்பிய பணப்பரிமாற்றம் அதற்கு ஆதாரம்.

சரிபார்ப்பு முடிந்தபின் வரிக் கணக்கு எளிது. மேலே கண்ட வீட்டுக்கு உரிமையாளர் அரையாண்டுக்கு ₹7,500 வீதம் சொத்து வரி கட்டியிருந்தால், ₹6,90,000-இல் ₹15,000 போக ₹6,75,000. அதில் 30 சதவீதமான ₹2,02,500 கழிந்து ₹4,72,500 வீட்டுச் சொத்து வருமானம். சொத்து வரி அந்த ஆண்டுக்குள் உண்மையில் கட்டப்பட்டதாகவும், உரிமையாளரே கட்டியதாகவும் இருந்தால்தான் கழியும். இந்தப் பிரிவு எண்கள் 2024-25-க்கு உரிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு எண்கள் மாறும்.

ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு விடுபட்ட வாடகை கண்ணில் பட்டால் திருத்த வழி உண்டு. 2024-25 நிதியாண்டுக்குத் திருத்திய கணக்கை 2025 டிசம்பர் 31 வரை கூடுதல் வரி இல்லாமல் தாக்கல் செய்ய அவகாசம் இருந்தது. அதன்பின் 2030 மார்ச் 31 வரை புதுப்பித்த கணக்கு தாக்கல் செய்யலாம். ஆனால் செலுத்த வேண்டிய வரி, வட்டியின் மேல் தாமதத்தைப் பொறுத்து 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரி கட்ட வேண்டும். துறையே கண்டுபிடித்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதமும், வேண்டுமென்றே தவறாகக் காட்டியதாக முடிவானால் 200 சதவீதமும் அபராதம்.